எஞ்சின் நின்ற பிறகும் ஓடும் படகு: பங்கு விலையின் வேகத்தைக் கழித்துப் பார்ப்பது

திருகோணமலை உள்துறைமுகத்தில் இறங்குதுறையை நெருங்கும் படகு, துறைக்குச் சற்று முன்பே எஞ்சினை நிறுத்திவிடும். நிறுத்திய பிறகும் படகு முன்னேதான் வரும். கரையில் நின்று தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது, ஏனென்றால் தூரம் குறைந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பத்து விநாடியிலும் எத்தனை அடி வந்தது என்று எண்ணுபவருக்கு மட்டும், முதலில் முப்பது, பிறகு இருபது, பிறகு பன்னிரண்டு என்று குறைவது தெரியும். படகு நிற்கப்போகிறது என்பது நிற்பதற்கு முன்பே அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

கொழும்புப் பங்குச் சந்தையின் விலைகளைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் பலர் வரைபடத்தின் அடியில் ஓடும் Momentum அல்லது ROC என்ற கோட்டை ஏதோ நுட்பமான கணிதம் என்று நினைத்து, அது சொல்வதை அப்படியே நம்புகிறார்கள் அல்லது முழுவதும் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் இருப்பது ஒரு கழித்தல் மட்டுமே. இன்றைய முடிவு விலையிலிருந்து குறிப்பிட்ட சில நாளுக்கு முந்தைய முடிவு விலையைக் கழிக்க வேண்டும். வந்த விடை மொமென்டம். அதே விடையைப் பழைய விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் மாற்ற வீதம், அதாவது ROC.

```
Momentum = C(இன்று) - C(n நாள் முன்பு)
ROC      = (C(இன்று) / C(n நாள் முன்பு) - 1) * 100
```

க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் சிறு குழப்பத்தைத் தரும். பாடத்தில் உந்தம் என்றால் திணிவும் வேகமும் பெருகி வருவது. இங்கே திணிவு எதுவும் இல்லை. எத்தனை பங்குகள் கைமாறின என்பது கணக்கில் வரவே வராது. சந்தைக்காரர்கள் உந்தம் என்று பெயர் வைத்தது உண்மையில் வேகத்துக்கு. விலை என்பது இடம், மொமென்டம் என்பது வேகம், மொமென்டம் கோடு சரிவது அமர்முடுகல். இந்த மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டால், கோட்டைத் தவறாகப் படிப்பதில் பாதி குறைந்துவிடும்.

ஒரு கொப்பியில் கையால் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை. உண்மையான பங்கு இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஐந்து நாள் வேறுபாடு என்று வைத்திருப்பதால் ஆறாவது நாளிலிருந்துதான் விடை கிடைக்கும்.

| நாள் | முடிவு விலை | அன்றைய மாற்றம் | 5 நாள் மொமென்டம் |
|---|---|---|---|
| 1 | 50.00 | | |
| 2 | 50.40 | +0.40 | |
| 3 | 51.00 | +0.60 | |
| 4 | 51.90 | +0.90 | |
| 5 | 53.10 | +1.20 | |
| 6 | 54.60 | +1.50 | 4.60 |
| 7 | 56.00 | +1.40 | 5.60 |
| 8 | 57.10 | +1.10 | 6.10 |
| 9 | 58.00 | +0.90 | 6.10 |
| 10 | 58.70 | +0.70 | 5.60 |
| 11 | 59.20 | +0.50 | 4.60 |
| 12 | 59.50 | +0.30 | 3.50 |
| 13 | 59.60 | +0.10 | 2.50 |
| 14 | 59.40 | -0.20 | 1.40 |
| 15 | 58.80 | -0.60 | 0.10 |
| 16 | 58.00 | -0.80 | -1.20 |

எக்செல் தாளில் போடுபவர்கள் விலையை B நிரலில் இரண்டாவது வரியிலிருந்து எழுதினால், ஆறாம் நாளுக்கான வரியில் `=B7-B2` என்று ஒருமுறை எழுதி இழுத்துவிட்டாலே போதும். மாற்ற வீதத்துக்கு `=(B7/B2-1)*100`.

அட்டவணையின் கடைசி நிரலை மட்டும் பாருங்கள். எட்டாம், ஒன்பதாம் நாட்களில் 6.10 என்று உச்சம் தொட்டு, பத்தாம் நாளிலிருந்து இறங்குகிறது. விலையோ பதின்மூன்றாம் நாள் வரை ஒரு நாள்கூட இறங்கவில்லை. தினமும் பச்சை நிறம்தான். 58.00இலிருந்து 59.60 வரை இன்னும் ஒரு ரூபாய் அறுபது சதம் ஏறியிருக்கிறது. அந்த நான்கு நாட்களிலும் மொமென்டம் 6.10இலிருந்து 2.50க்கு வந்துவிட்டது. ஏற்றம் களைத்துப்போவது என்பதன் கணக்கு வடிவம் இதுதான். விலை கூடுகிறது, ஆனால் ஐந்து நாளைக்கு முன் கூடிய அளவுக்குக் கூடவில்லை.

மொமென்டம் சுழியத்துக்குக் கீழே போனது பதினாறாம் நாள். அன்று விலை 58.00. மொமென்டம் உச்சத்தில் கடைசியாக நின்ற ஒன்பதாம் நாளும் விலை 58.00தான். சுழியத்தை வெட்டும்வரை காத்திருந்து விற்றவரும், ஒன்பதாம் நாளே விற்றவரும் ஒரே பணத்தைத்தான் கையில் வாங்குகிறார்கள். இந்தக் காலம் முழுக்க நிகழ்ந்த ஏற்ற இறக்கத்தைக் கூடவே சுமந்தது மட்டும் காத்திருந்தவருக்கு மிச்சம். எல்லாப் பங்கிலும் இப்படி ஒரு சதம்கூடப் பிசகாமல் வராது. ஆனாலும் சுழியக் கோட்டைச் சமிக்ஞையாக நம்புபவர்கள் எப்போதும் பிந்தியே வருவார்கள் என்பது கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து நாள் மொமென்டம் சுழியத்தில் இருக்கிறது என்றால், இன்றைய விலை ஐந்து நாளுக்கு முந்தைய விலைக்குச் சமம் என்றுதான் அர்த்தம். ஏறிவந்த பங்கில் அதற்குக் கீழே போக, விலை முதலில் உச்சத்துக்குப் போய்த் திரும்பியிருக்க வேண்டும்.

இதில் இன்னொரு உறவும் ஒளிந்திருக்கிறது. பதினைந்தாம் நாளின் ஐந்து நாள் சராசரி விலை 59.30. பதினாறாம் நாளில் அது 59.06. வித்தியாசம் 24 சதம் இறக்கம். மொமென்டம் -1.20ஐ ஐந்தால் வகுத்தாலும் அதே -0.24 வரும். ஐந்து நாள் நகரும் சராசரி ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்பதும், ஐந்து நாள் மொமென்டத்தின் ஐந்தில் ஒரு பங்கும் எப்போதும் ஒன்றே. எனவே ஐந்து நாள் சராசரிக் கோடு கீழே திரும்புவதும் ஐந்து நாள் மொமென்டம் சுழியத்தை வெட்டுவதும் ஒரே நிகழ்வு. இரண்டையும் திரையில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆகவே உறுதி என்று சொல்பவர் ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுகிறார்.

சரி, கோடு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் நழுவிவிடுகின்றன. ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு மொமென்டம் மாறும் அளவு இரண்டே எண்களால் தீர்மானமாகிறது. ஒன்று இன்று உள்ளே வரும் மாற்றம். மற்றது ஐந்து நாளுக்கு முன் உள்ளே வந்து, இன்று வெளியே போகும் மாற்றம். பத்தாம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தது +0.70. வெளியே போனது ஐந்தாம் நாளின் +1.20. வித்தியாசம் -0.50. 6.10, 5.60 ஆனது இப்படித்தான். கோடு சரிய விலை இறங்கத் தேவையில்லை, உள்ளே வருவது வெளியே போவதை விடச் சிறிதாக இருந்தால் போதும்.

இந்த இரண்டு கதவுகளையும் புரிந்துகொண்டவருக்கு, கோடு பொய் சொல்லும் இடமும் தெரிந்துவிடும். இன்னொரு பங்கு நாளுக்கு 20 சதம் வீதம் மெதுவாக ஏறுகிறது என்று வைப்போம். 40.00, 40.20, 40.40. நான்காம் நாள் ஏதோ நல்ல அறிவிப்பு வந்து ஒரேயடியாக நான்கு ரூபாய் எகிறி 44.40. அதன்பின் மறுபடியும் பழைய நடை: 44.60, 44.80, 45.00, 45.20, 45.40. ஆறாம், ஏழாம், எட்டாம் நாட்களில் ஐந்து நாள் மொமென்டம் 4.80, 4.80, 4.80 என்று நிற்கும். ஒன்பதாம் நாளில் அது 1.00. வரைபடத்தில் செங்குத்தான பள்ளம். அன்று அந்தப் பங்குக்கு என்ன ஆனது? ஒன்றுமே ஆகவில்லை. வழக்கமான 20 சதம் ஏறியிருக்கிறது. நான்காம் நாளின் நான்கு ரூபாய்தான் பின்கதவால் வெளியே போயிருக்கிறது. உள்ளே 0.20, வெளியே 4.00, ஆக -3.80.

இந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பயந்து விற்பவர்கள் பலர். கண்டுபிடிப்பது சுலபம். மொமென்டம் சட்டென்று விழுந்த நாளில் முதலில் இன்றைய மாற்றத்தைப் பார்க்காமல், சரியாக அத்தனை நாளுக்கு முன் என்ன மாற்றம் நடந்தது என்று பாருங்கள். அங்கே ஒரு பெரிய எண் தனியாக நின்றால், விழுந்தது பழைய செய்தி. அதற்கு மாறாக, வெளியே போகும் எண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்து, உள்ளே வரும் எண்கள்தான் நாளுக்கு நாள் சுருங்குகின்றன என்றால், அது உண்மையான களைப்பு. முதல் அட்டவணையின் மூன்றாவது நிரலில் 1.40, 1.10, 0.90, 0.70, 0.50 என்று தேய்வதுதான் தேட வேண்டிய உருவம். வேறு நாள் எண்ணிக்கையிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பள்ளம் பழைய செய்தியால் வந்தது என்றால், ஐந்தை எட்டாக மாற்றியதும் அது மூன்று நாள் தள்ளிப்போய் உட்காரும். உண்மைக் களைப்பு எங்கும் ஓடாது. கோட்டின் உச்சம் சற்றுப் பிந்தினாலும் சரிவு சரிவாகவே இருக்கும்.

பங்கிலாபம் இதே குழப்பத்தை வேறு வேடத்தில் கொண்டுவரும். பங்கிலாப உரிமை நீங்கும் நாளில், பட்டியலில் XD என்று குறி விழும் அன்று, விலை ஏறத்தாழ அந்தப் பங்கிலாபத்தின் அளவுக்குக் கீழே தொடங்குவது வழக்கம். நான்கு ரூபாய் பங்கிலாபம் என்றால் நான்கு ரூபாய் இறக்கம் மொமென்டத்துக்குள் புகுந்து, ஐந்து நாள் அங்கேயே குந்தியிருந்து, ஆறாம் நாள் வெளியேறும்போது கோடு திடீரென்று மேலே துள்ளும். இரண்டு அசைவுகளும் வெறும் கணக்கு. பங்குப் பிரிப்பு இன்னும் மோசம். ஒன்று இரண்டாகப் பிரிந்த பங்கு 60இலிருந்து 30க்கு வந்தால் ROC -50 என்று காட்டும், முதலீட்டாளர் ஒரு சதம்கூட இழக்காதபோதும். உங்கள் திரை பிரிப்புக்கு ஏற்பத் திருத்திய விலையைக் காட்டுகிறதா என்று தெரியாவிட்டால், பிரிப்பு நடந்த நாளைச் சுற்றி ROC என்ன காட்டுகிறது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

வேறுபாடா, வீதமா? இரண்டும் எப்போதும் ஒரே கதையைச் சொல்வதில்லை. ஒரு பங்கு நாளுக்குச் சரியாக ஒரு ரூபாய் வீதம் ஏறுகிறது என்றால் பத்து நாள் மொமென்டம் எப்போதும் 10. கோடு படுத்தே கிடக்கும். ஆனால் விலை 60இல் இருக்கும்போது ROC, 50இல் பத்து, அதாவது 20 வீதம். விலை 100ஐத் தொடும்போது 90இல் பத்து, ஏறத்தாழ 11.1 வீதம். ROC கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஏற்றம் களைத்துவிட்டதா? ரூபாயில் பார்த்தால் இல்லை. போட்ட பணத்துக்கு வரும் விளைச்சலில் பார்த்தால் ஆம். எதிர்ப்பக்கமும் உண்டு: தினமும் ஒரே வீதத்தில் ஏறும் பங்கின் ROC படுத்திருக்கும், மொமென்டம் மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும். என் பார்வையில், ஒரே பங்கைச் சில கிழமைகளுக்குள் பார்ப்பதென்றால் ரூபாய் வேறுபாடு போதும், மனக்கணக்காகவே போடலாம். 12 ரூபாய்ப் பங்கையும் 400 ரூபாய்ப் பங்கையும் பக்கத்தில் வைப்பதென்றால் வீதம் இல்லாமல் முடியாது. ஆண்டுக்கணக்கில் பின்னோக்கிப் போவதற்கும் வீதம்தான்.

மலிவுப் பங்குகளில் வீதமும் கைகொடுக்காது. விலை நகரும் மிகச் சிறிய படி 10 சதம் என்றால், ஒரு ரூபாய்ப் பங்கு ஒரே ஒரு படி ஏறினாலே ROC 10 காட்டும். அடுத்த நாள் அந்தப் படி இறங்கினால் மறுபடி சுழியம். கோடு பல்லுப் பல்லாக ஓடும், அதில் வேகம் என்று எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பங்கில் களைப்பைத் தேடுவது நேரத்தை வீணாக்குவது.

மென்பொருள் மாறும்போது சிறு எச்சரிக்கை. Momentum என்ற ஒரே பெயரில் சிலது வேறுபாட்டைக் காட்டும், நடுக்கோடு 0. மெட்டாட்ரேடரில் அதே பெயர், இன்றைய விலையைப் பழைய விலையால் வகுத்து நூறால் பெருக்கியது, நடுக்கோடு 100. அங்கே 98 என்று வந்தால் விலை இறங்கியிருக்கிறது என்று பொருள். எண்ணைப் பார்த்ததும் நடுக்கோடு எது என்று பார்த்துவிடுங்கள்.

சரிவு உண்மைதான் என்று வைத்துக்கொண்டாலும், அது எதைச் சொல்லாது என்பதையும் பார்க்க வேண்டும். சுழியத்துக்கு மேலே இருந்துகொண்டு மொமென்டம் இறங்கினால் ஏற்றத்தின் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். படகு துறையில் அணையலாம், அல்லது ஓட்டி மறுபடியும் எஞ்சினைக் கிளப்பலாம். விலை பக்கவாட்டில் சில நாள் ஓய்ந்து மீண்டும் ஏறுவது சாதாரணம். வலுவான ஏற்றத்தில் விலை புதிய உச்சம் தொட, மொமென்டம் முந்தியதை விடத் தாழ்ந்த உச்சத்தோடு நிற்கும் முரண்பாடு இரண்டு, மூன்று முறை வந்தும் விலை ஏறிக்கொண்டே போவதுண்டு. வேகமாக ஓடத் தொடங்கிய எதற்கும் தொடக்கத்து வேகத்தைக் கடைசிவரை வைத்திருப்பது கடினம் என்பதால், முதல் முரண்பாடு பெரிதாக எதையும் நிரூபிப்பதில்லை. ஆகவே களைப்பைக் கண்டதும் விற்பதை விட, அதைக் கண்டதும் கண்ணைக் கிட்டக் கொண்டுபோவதே நல்ல பழக்கம். புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு, கடைசியாக விலை தாழ்ந்து திரும்பிய இடத்தைக் குறித்துவைத்து, முடிவு விலை அதற்குக் கீழே போனால் மட்டும் வெளியேறலாம். எச்சரிக்கையை மொமென்டம் தரட்டும், தீர்ப்பை விலை தரட்டும்.

எத்தனை நாள் வைப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஐந்து நாள் சீக்கிரம் சொல்லும், அடிக்கடி பொய்யும் சொல்லும். இருபது நாள் பொய்யைக் குறைக்கும், உண்மையையும் பிந்திச் சொல்லும். பத்து என்பது பலரின் நடுவழி. ஆனால் இலங்கையில் பத்து வர்த்தக நாட்கள் எப்போதும் சரியாக இரண்டு கிழமை ஆகாது, போயா விடுமுறை வாரநாளில் விழும் மாதத்தில் ஒன்றைக் கடித்துக்கொள்ளும், சித்திரை வருடப்பிறப்பு மாதத்தில் இன்னும் கூடுதலாக. கோடு எண்ணுவது வர்த்தக நாட்களை மட்டுமே. இடையில் எத்தனை நாள் சந்தை மூடியிருந்தது என்பது அதற்குத் தெரியாது. 2020இல் மார்ச் பிற்பகுதியில் மூடிய கொழும்புச் சந்தை மே 11இல்தான் மீண்டும் திறந்தது. 2022இல் ஏப்ரல் 18 முதல் 22 வரை ஒரு கிழமை முழுக்க வர்த்தகம் நிறுத்தப்பட்டது. அந்த இடங்களில் பத்து நாள் மொமென்டம் என்று காட்டுவது, நாட்காட்டியில் பார்த்தால் பல கிழமை இடைவெளியுள்ள இரண்டு விலைகளின் வேறுபாடு. அந்தக் காலத்து வரைபடத்தை வைத்துப் பழைய சமிக்ஞைகள் பலித்தனவா என்று சோதிப்பவர்கள், முதலில் அந்த இடைவெளியைத் தாண்டும் வரிகளைத் தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

நாளுக்கு நாலைந்து பரிமாற்றம்கூட நடக்காத பங்கிலும் இதே சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. ஒருவரும் வாங்காத நாளில் திரை பழைய முடிவு விலையையே மறுபடி போடும். மாற்றம் 0.00 என்று எழுதப்படும். மூன்று நாள் சுழியம் உள்ளே வந்தால் மொமென்டம் அழகாகச் சரிந்து களைத்த ஏற்றம் போலவே தோன்றும். விலைக்கு அடுத்த நிரலில் அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள். அங்கே சுழியமோ, ஒரு நூறு பங்கோ இருந்தால், அந்த நாளின் மாற்றத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஆட்கள் உண்மையில் வாங்கி விற்ற நாட்களை மட்டும் ஐந்து ஐந்தாக எண்ணிக் கழிக்கலாம்.